நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டா, லார்ஜ் கேப் ஆக்டிவ் ஃபண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்று பலர் தங்கள் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே இந்தியப் பங்குச் சந்தையில், பெரிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஃபண்டுகளைப் பற்றியவை. பெரும்பாலானவர்களின் முதல் ஃபண்ட் அதுதான், குழப்பமும் அங்கேதான் அதிகம்.

ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நிஃப்டி 50 என்பது 50 பெரிய நிறுவனங்களின் பட்டியல். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சந்தை மதிப்பே தீர்மானிக்கிறது. இண்டெக்ஸ் ஃபண்ட் அந்தப் பட்டியலை அதே விகிதத்தில் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக்டிவ் ஃபண்டில் ஒரு மேனேஜரும் அவருடைய ஆராய்ச்சிக் குழுவும் எதை வாங்குவது, எதை விற்பது, எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்வார்கள். முதலாவதற்குச் சம்பளச் செலவு அதிகமில்லை. இரண்டாவதற்கு உண்டு, அது உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது.

ஒன்றரை சதவீதச் செலவுதானே சார், அதில் என்ன பெரிதாகக் குறைந்துவிடும்?

செலவு விகிதம் என்பது உங்கள் லாபத்தில் எடுக்கிற சதவீதம் இல்லை. மொத்தப் பணத்தில் எடுக்கிற சதவீதம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் எடுப்பார்கள். வருஷக் கடைசியில் பில் எதுவும் வராது. ஆண்டு விகிதத்தை நாள்களால் வகுத்து, தினமும் ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவியைக் கணக்கிடும்போதே கழித்துவிடுவார்கள். நீங்கள் பார்க்கும் என்ஏவி ஏற்கெனவே கழித்தது. அதனால்தான் யாருக்கும் வலிப்பதில்லை.

உங்களிடம் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு விகிதம் 1.8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 18,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. 0.25 சதவீதம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 7 ரூபாய். தினமும் 49 ரூபாயைக் கையிலிருந்து எண்ணிக் கொடுக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் எல்லோரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது இதையே நீண்ட காலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, 20 வருஷம். செலவைக் கழிக்கும் முன் மூன்று ஃபண்டுகளும் வருஷத்துக்கு 12 சதவீதம் ஈட்டுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். 12 என்பது என் அனுமானம், யாருக்கும் உத்தரவாதம் இல்லை. நீங்கள் போட்டது மொத்தம் 24 லட்சம்.

0.25 சதவீதச் செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டில் கையில் இருப்பது சுமார் 89.25 லட்சம். 0.9 சதவீதச் செலவுள்ள டைரக்ட் ஆக்டிவ் ஃபண்டில் 82.54 லட்சம். 1.8 சதவீதச் செலவுள்ள ரெகுலர் ஆக்டிவ் ஃபண்டில் 74.14 லட்சம்.

முதலுக்கும் மூன்றாவதுக்கும் 15 லட்சத்துக்கு மேல் இடைவெளி. இதில் நான் எல்லோரையும் கவனிக்கச் சொல்வது நடுவில் இருக்கும் எண்ணைத்தான். அந்த 15 லட்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மேனேஜருக்கான செலவு, பாதிக்குச் சற்று மேல் விநியோகஸ்தருக்கான கமிஷன். டைரக்ட் பிளான் என்பது இடைத்தரகர் கமிஷன் இல்லாமல் நேரடியாக வாங்குவது. 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டுகளிலும் இது உண்டு. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஃபண்ட் பெயரோடு Direct என்று எழுதியிருக்கிறதா, Regular என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இண்டெக்ஸா ஆக்டிவா என்ற வாதத்துக்குள் நுழையும் முன்பே பாதி விஷயம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும். ரெகுலரில் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கிவிட்டு, செலவு குறைவு என்று சந்தோஷப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுப்பாரே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சேர்க்கத்தான் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் டைரக்ட் ஆக்டிவ் ஃபண்ட் இண்டெக்ஸ் ஃபண்டுக்குச் சமமாக வருவதற்கே, அந்த மேனேஜர் வருஷா வருஷம் 0.65 சதவீதம் கூடுதலாக ஈட்ட வேண்டும். ரெகுலர் என்றால் 1.55 சதவீதம். அதற்கு மேல் வருவதுதான் உங்களுக்கு லாபம்.

அது முடியுமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் ஷார்ப் 1991-இல் எழுதியது. சந்தையில் இருக்கும் எல்லாப் பங்குகளையும் யாராவது ஒருவர் வைத்திருக்கத்தான் வேண்டும். இண்டெக்ஸ்காரர்கள் சந்தையின் வருமானத்தை அப்படியே பெறுகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் ஆக்டிவ்காரர்கள் எல்லோரும் சேர்ந்தும் அதே சந்தை வருமானத்தைத்தான் பெற முடியும். அவர்களில் ஒருவர் கூட எடுத்தால் இன்னொருவர் குறைவாக எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் செலவைக் கழித்தால், ஆக்டிவ் கூட்டத்தின் சராசரி பின்தங்கித்தான் ஆக வேண்டும். இதற்கு எந்த மேனேஜரின் திறமையையும் குறைத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆக்டிவ்காரர்கள் என்றால் மியூச்சுவல் ஃபண்டுகள் மட்டும் இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள், நிறுவனத்தை நடத்தும் குடும்பங்கள், டிப்ஸ் கேட்டு வாங்கி விற்கிற சாதாரண மக்கள் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு காலத்தில் நம் ஃபண்டுகள் மற்றவர்களைவிட விவரமாக இருந்து, அவர்கள் விட்டதை எடுத்துக்கொண்டிருக்க முடியும். 2000-களில் இந்திய ஃபண்டுகள் இண்டெக்ஸை நன்றாக முந்தியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களில் அந்த வாய்ப்பு சுருங்கிவிட்டது. ரிலையன்ஸ், எச்டிஎஃப்சி பேங்க், இன்ஃபோசிஸ் மாதிரி நிறுவனங்களை எத்தனையோ ஆய்வாளர்கள் காலாண்டுக்குக் காலாண்டு அலசுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் என்று அங்கே அதிகம் மிச்சமில்லை. அது போதாதென்று 2017 அக்டோபரில் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு விதி கொண்டுவந்தது. லார்ஜ் கேப் என்று பெயர் வைத்துக்கொள்ளும் ஃபண்ட், தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் போட வேண்டும். அதற்கு முன் லார்ஜ் கேப் என்ற பெயரில் நடுத்தர நிறுவனங்களையும் கணிசமாக வாங்கிப் போட்டு, நிஃப்டியை முந்திவிட்டேன் என்று காட்ட முடிந்தது. இப்போது அது முடியாது. 100 பேர் கொண்ட வட்டத்துக்குள்தான் மேனேஜர் வித்தை காட்ட வேண்டும், அந்த வட்டத்தின் எடையில் பெரும் பகுதி நிஃப்டி 50-லேயே இருக்கிறது.

எஸ்&பி டவ் ஜோன்ஸ் நிறுவனம் ஸ்பிவா என்ற பெயரில் இந்திய ஃபண்டுகளையும் தொடர்ந்து அளந்து வெளியிடுகிறது. ஒரு வருஷக் கணக்கு மேலும் கீழும் ஆடும். பத்து வருஷக் கணக்கில் லார்ஜ் கேப் ஃபண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை இண்டெக்ஸுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

என் ஃபண்ட் நிஃப்டியைவிட அதிகம் கொடுத்திருக்கிறது என்று ஏஜெண்ட் பேப்பரில் காட்டினார். அது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதோடு ஒப்பிட்டார் என்று பாருங்கள்.

செய்தியில் தினமும் சொல்லும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது. அந்த 50 நிறுவனங்கள் வருஷத்தில் கொடுக்கும் டிவிடெண்ட், இண்டெக்ஸ் மதிப்பில் ஏறக்குறைய ஒன்றேகால் சதவீதம் வரும். உங்கள் ஃபண்டுக்கும் அந்த டிவிடெண்ட் வருகிறது, அது என்ஏவியில் சேர்ந்துவிடுகிறது. அதனால் டிவிடெண்ட் சேர்ந்த ஃபண்டை டிவிடெண்ட் சேராத நிஃப்டியோடு ஒப்பிட்டால், ஃபண்டுக்கு வருஷத்துக்கு ஒன்றேகால் சதவீதம் இலவசமாக முன்தூரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் எண்ணுக்கு டிஆர்ஐ என்று பெயர். 2018 பிப்ரவரி முதல் ஃபண்டுகள் தங்களை டிஆர்ஐயோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது செபி விதி. ஆனால் ஒருவர் எக்செலில் தானே தயாரித்துக் கொண்டுவரும் பேப்பருக்கு அந்த விதி தெரியாது.

இரண்டாவது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாருங்கள். தொடக்கத் தேதியை ஆறு மாதம் தள்ளினாலே சில ஃபண்டுகளின் வெற்றி காணாமல் போய்விடும். இதைச் சரிபார்க்க உருளும் ஐந்தாண்டுக் கணக்கு போடலாம். ஒரு சாயங்கால வேலைதான். amfiindia.com தளத்தில் உங்கள் ஃபண்டின் பழைய என்ஏவிகள் கிடைக்கும், niftyindices.com தளத்தில் டிஆர்ஐ எண்கள் கிடைக்கும். பத்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வருஷத்தின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒருவர் பணம் போட்டு, சரியாக ஐந்து வருஷம் கழித்து எடுத்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இரண்டுக்கும் கணக்கிடுங்கள். 60 ஒப்பீடுகள் கிடைக்கும். அதில் எத்தனை தடவை ஃபண்ட் முந்தியது, எவ்வளவு வித்தியாசத்தில் முந்தியது, பின்தங்கியபோது எவ்வளவு பின்தங்கியது என்று பாருங்கள். 60-இல் 50 தடவை முந்தியிருந்தால் அந்த மேனேஜரிடம் விஷயம் இருக்கிறது. 31 தடவை முந்தியிருந்தால் அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது மாதிரிதான், அதற்குக் கூடுதல் செலவு கொடுக்கத் தேவையில்லை.

ஒப்பிடும் இண்டெக்ஸும் ஃபண்டின் வகைக்குப் பொருந்த வேண்டும். ஃபிளெக்ஸி கேப் ஃபண்ட் சிறிய, நடுத்தர நிறுவனங்களையும் வாங்கும். அதை நிஃப்டி 50-உடன் ஒப்பிட்டு ஜெயித்தது என்பதும் சரியில்லை, தோற்றது என்பதும் சரியில்லை. அதற்கு நிஃப்டி 500 டிஆர்ஐதான் பக்கத்தில் வைக்க வேண்டியது.

ஐந்து வருஷமாக முதலிடத்தில் இருக்கும் ஃபண்டையே எடுத்துவிட்டால் போதாதா?

அந்த ஃபண்டின் கடந்த ஐந்து வருஷத்தை நீங்கள் வாங்க முடிந்தால் போதும். உங்களுக்குக் கிடைப்பது அடுத்த ஐந்து வருஷம்தான்.

முதலிடத்துக்கு வந்த ஃபண்டுக்குப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. அந்தக் காலத்தில் ஓடிய துறையில் கனமாக உட்கார்ந்திருந்ததால்தான் முதலில் வந்திருக்கும், துறையின் ஓட்டம் நின்றதும் இதுவும் நிற்கும். பட்டியலைப் பார்த்து எல்லோரும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், சின்ன ஃபண்டாக இருந்தபோது வாங்க முடிந்த பங்குகளை அதே அளவில் இப்போது வாங்க முடியாது. மேனேஜர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார், நமக்கு ஓர் அறிவிப்பு மட்டும் மின்னஞ்சலில் வரும். அவ்வளவுதான்.

இன்னொன்று, இன்றைய பட்டியலில் தோற்றுப்போன ஃபண்டுகள் இருக்காது. சரியாகச் செயல்படாத திட்டத்தை அதே நிறுவனத்தின் வேறொரு திட்டத்தோடு இணைத்துவிடுவார்கள். அதன் பழைய கணக்கு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மிஞ்சியவர்களின் சராசரியைப் பார்த்துவிட்டு ஆக்டிவ் ஃபண்டுகள் எல்லாமே நன்றாகத்தான் செய்திருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பிவா கணக்கை நான் மதிப்பதற்குக் காரணம், அது தொடக்கத்தில் இருந்த எல்லா ஃபண்டுகளையும், இடையில் மறைந்துபோனவை உட்பட, கணக்கில் வைத்திருக்கிறது.

இண்டெக்ஸ் ஃபண்டில் ரிஸ்க் குறைவு என்கிறார்களே?

எந்த ரிஸ்க் என்பதைப் பொறுத்தது. சந்தை விழுவதிலிருந்து அது உங்களைக் காப்பாற்றவே காப்பாற்றாது. 2008 ஜனவரி உச்சத்திலிருந்து அக்டோபர் வரை நிஃப்டி சுமார் 60 சதவீதம் விழுந்தது. 10 லட்சம் 4 லட்சமாயிற்று. பழைய உச்சத்தை மறுபடி தொட 2010 நவம்பர் ஆயிற்று, அங்கேயும் நிற்காமல் திரும்ப இறங்கியது. 2020 ஜனவரியிலிருந்து மார்ச் 23-க்குள், இரண்டே மாதத்தில் சுமார் 38 சதவீதம் போயிற்று. இண்டெக்ஸ் ஃபண்ட் இரண்டு தடவையும் முழு அடியையும் வாங்கியிருக்கும். ஆக்டிவ் மேனேஜர் கொஞ்சம் ரொக்கமாக வைத்திருந்தால் சற்றுக் குறைவாக விழுந்திருக்கலாம். அதே ரொக்கம், சந்தை திரும்ப ஏறும்போது பின்னுக்கு இழுக்கும்.

குறைவது வேறொரு ரிஸ்க். சந்தை நன்றாக இருந்தும் நம் ஃபண்ட் மட்டும் சொதப்புகிற ரிஸ்க். ஆக்டிவ் ஃபண்டில் இது கூடவே இருக்கிறது, தெரியவருவதற்கும் நாளாகும். மூன்று வருஷம் பின்தங்கினால் மேனேஜர் தன் பாணிக்கு நேரம் வரும் என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது பொறுமையா, தவறா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. நீண்ட காலத்துக்குப் பணம் போடுகிற ஒருவரை இந்தச் சந்தேகம்தான் அதிகம் அலைக்கழிக்கிறது. தப்பான நேரத்தில் ஃபண்டை மாற்ற வைப்பதும் இதுதான்.

நிஃப்டி 50 என்றால் நாடு முழுவதும் பரவிய முதலீடு என்றும் நினைக்க வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கி, நிதித் துறை. முதல் பத்து நிறுவனங்கள் சேர்ந்தாலே பாதி எடைக்கு மேல் வந்துவிடும். உங்கள் வேலையும் வங்கியில், ஃபண்டும் நிஃப்டியில் என்றால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கெட்டுப்போன கம்பெனியையும் இண்டெக்ஸ் ஃபண்ட் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதானா?

ஆமாம், கொஞ்ச காலத்துக்கு. யெஸ் பேங்க் கதையைச் சொன்னால் விளங்கும்.

யெஸ் பேங்க் 2015-இல் நிஃப்டி 50-க்குள் வந்தது. 2018 ஆகஸ்ட்டில் பங்கு விலை 400 ரூபாய் அளவில் இருந்தது. அதற்குப் பிறகு வாராக்கடன் விவகாரம் வெளியே வர வர விலை சரிந்துகொண்டே போயிற்று. 2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது, பணம் எடுக்க வரம்பு வந்தது. அந்த மாதம்தான் அது நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. வழி நெடுக எல்லா நிஃப்டி ஃபண்டுகளும் அதை வைத்துக்கொண்டுதான் இருந்தன. பிரச்சினை தெரிந்தும் விற்க முடியாது. பட்டியலில் இருக்கும்வரை வைத்திருப்பதுதான் அவர்கள் வேலை.

அதோடும் முடியவில்லை. வங்கியை மீட்கும் திட்டத்தில், 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகளை மூன்று வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று முடக்கினார்கள். பட்டியலில் இல்லாத ஒரு பங்கு 2023 மார்ச் வரை இண்டெக்ஸ் ஃபண்டுகளின் கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றது.

சரி, இதனால் முதலீட்டாளருக்கு எவ்வளவு அடி? பயப்படுகிற அளவு இல்லை. எடை சந்தை மதிப்போடு ஏறி இறங்குவதால், விலை சரியச் சரிய அந்தப் பங்கின் எடை தானாகவே சுருங்கிக்கொண்டே வருகிறது. 100 ரூபாயில் 2 ரூபாய் அளவுக்கு இருந்த ஒரு பங்கு முழுதாகப் பூஜ்யமானாலும் போவது அந்த 2 ரூபாய்தான். மேலே போகிற பங்குக்கு அந்த மாதிரி எல்லை இல்லை. அதே சமயம், முன்கூட்டியே விழித்துக்கொண்டு விற்ற ஆக்டிவ் மேனேஜர்களும் இருந்தார்கள், இன்னும் மலிவாகிவிட்டது என்று விழ விழ வாங்கிக்கொண்டே போனவர்களும் இருந்தார்கள். உங்கள் மேனேஜர் இதில் எந்த வகை என்று பணம் போடும்போது தெரியாது.

மிட் கேப், ஸ்மால் கேப்பிலும் இண்டெக்ஸ்தான் நல்லதா?

அங்கே நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிறிய நிறுவனங்களைக் கவனிக்கிற ஆய்வாளர்கள் குறைவு, கணக்குப் புத்தகம் சுத்தமில்லாத நிறுவனங்களும் உண்டு. இண்டெக்ஸ் அவற்றையும் சேர்த்து வாங்கும், கவனமுள்ள மேனேஜர் தவிர்க்கலாம். மேலும் ஸ்மால் கேப் இண்டெக்ஸில் நன்றாக வளர்ந்த நிறுவனம் அடுத்த வகைக்குப் போய்விடும், அப்போது ஃபண்ட் அதை விற்றாக வேண்டும். ஆக்டிவ் ஃபண்டுக்கு அந்தக் கட்டாயம் அவ்வளவு கறார் இல்லை. எந்தக் காலத்தை எடுக்கிறோம், எந்த இண்டெக்ஸோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இங்கே முடிவு மாறிக்கொண்டே இருக்கிறது. லார்ஜ் கேப்புக்குச் சொன்ன உருளும் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரெகுலர் ஆக்டிவ் ஃபண்டில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன். மாறினால் வரி வருமே, என்ன செய்வது?

வரி வரும். அதே ஃபண்டில் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறினாலும் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு. எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

2025 பிப்ரவரியில் என் சித்தப்பா ஸ்டேட்மென்ட்டை நீட்டிவிட்டு இதே கேள்வியைக் கேட்டார். பல வருஷ எஸ்ஐபி. ஒரு வருஷத்தைத் தாண்டிய யூனிட்டுகளின் மதிப்பு மட்டும் 12 லட்சம், அவற்றுக்குப் போட்ட பணம் 7 லட்சம், லாபம் 5 லட்சம். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றால் 3.75 லட்சத்துக்கு வரி 46,875, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 48,750 ரூபாய்.

பாதி லாபம் மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலும் வருகிற மாதிரிப் பிரித்து விற்கச் சொன்னேன். இரண்டு நிதியாண்டு ஆகிவிடுவதால் 1.25 லட்சச் சலுகை இரண்டு தடவை கிடைக்கும். மொத்த வரி 32,500 ஆகக் குறைந்தது. இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்காகும், பழைய யூனிட்டில் லாப விகிதம் அதிகம். அதனால் யூனிட்டில் பாதி என்று விற்றால் லாபத்தில் பாதி வராது, அதிகமாக வந்துவிடும். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து எத்தனை யூனிட் என்று கணக்கிட்டுத்தான் விற்க வேண்டும். கடைசி 12 தவணைகளைத் தொடவில்லை. அவற்றுக்கு 20 சதவீதம் வரியும், சீக்கிரம் விற்றால் அந்த ஃபண்டில் பிடிக்கிற ஒரு சதவீத எக்ஸிட் லோடும் இருந்தன.

அவருடைய செலவு 1.8 சதவீதத்திலிருந்து 0.25 ஆகக் குறைந்ததால், 12 லட்சத்துக்கு வருஷம் 18,600 ரூபாய் மிச்சம். கட்டிய வரி இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறது. அந்த வரியும் என்றைக்காவது விற்கும்போது கட்ட வேண்டியதுதான், பெரும்பகுதி முன்கூட்டியே கட்டியதாகத்தான் ஆகிறது. ஆனால் இன்னும் இரண்டு வருஷத்தில் பணத்தை எடுக்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் புதிய தவணைகளை மட்டும் மாற்றினால் போதும். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்டுகளுக்கு அன்றைய விலையை வைத்து லாபத்தைக் குறைத்துக்கொள்ளும் சலுகையும் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

ஆக்டிவ் ஃபண்டின் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேனேஜர் ஃபண்டுக்குள்ளே எவ்வளவு வாங்கி விற்றாலும் அதற்கு உங்களுக்கு வரி வராது. நீங்களே பங்குகளை மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் வரி.

எல்லா நிஃப்டி ஃபண்டும் ஒன்றுதானே, எதை எடுத்தால் என்ன?

பங்குகள் ஒன்று, கைக்கு வருவது ஒன்றில்லை. செலவு விகிதத்தோடு டிராக்கிங் டிஃபரன்ஸையும் பாருங்கள். இண்டெக்ஸ் டிஆர்ஐ 11.9 சதவீதம் கொடுத்த வருஷத்தில் ஃபண்ட் 11.6 கொடுத்திருந்தால் வித்தியாசம் 0.3. செலவு விகிதம் 0.2 என்று போட்டிருக்கும், ஆனால் தினமும் வந்து போகிற பணத்துக்காக வைத்திருக்கும் ரொக்கம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பட்டியல் மாறும்போது வாங்கி விற்கும் செலவு எல்லாம் சேர்ந்து 0.3 ஆகிவிடும். இந்த எண்ணை ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் தளத்திலும் ஆம்ஃபி தளத்திலும் வெளியிடுகின்றன. ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் மூன்று, ஐந்து வருஷத்தைப் பாருங்கள். டிராக்கிங் எரர் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது அந்த வித்தியாசம் எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்வது, எவ்வளவு இழந்தீர்கள் என்பதை இல்லை.

மொமென்டம், ஆல்ஃபா, லோ வாலட்டிலிட்டி என்ற பெயர்களில் வரும் இண்டெக்ஸ் ஃபண்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றின் விதிகளை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், விளம்பரத்தில் காட்டும் பழைய வருமானத்தில் பெரும்பகுதி இண்டெக்ஸ் பிறப்பதற்கு முன்னான காலத்துக்குப் பின்னோக்கிப் போட்ட கணக்கு.

இடிஎஃப் இன்னும் மலிவாமே?

இடிஎஃப் என்பது பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்ட். அதன் செலவு விகிதம் மலிவு. ஆனால் டீமேட் கணக்கு வேண்டும், சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்க வேண்டும். விற்பவர்கள் குறைவாக இருக்கும் நாளில் என்ஏவியைவிட அதிக விலை கொடுத்துவிடுவீர்கள், அந்த ஒரு நாளில் ஒரு வருஷ மிச்சம் போய்விடும். மாதம் ஐந்தாயிரம், பத்தாயிரம் போடுகிறவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டே சௌகரியம். பிஎஃப் பிடிக்கிற சம்பளக்காரர் என்றால் உங்களிடம் ஏற்கெனவே மறைமுகமாக இடிஎஃப் இருக்கிறது. 2015 ஆகஸ்ட்டிலிருந்து இபிஎஃப்ஓ புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை இடிஎஃப்களில் போட்டுவருகிறது.

நான் நான்கு இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருக்கிறேன், பத்திரம்தானே?

எவை என்று பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் நிஃப்டி 50 ஃபண்ட், ஒரு சென்செக்ஸ் ஃபண்ட், ஒரு நிஃப்டி 100 ஃபண்ட் என்று ஒருவர் கொண்டுவந்தார். சென்செக்ஸின் 30 நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே நிஃப்டி 50-க்குள் இருப்பவை. நிஃப்டி 100 என்பது நிஃப்டி 50-உம் நெக்ஸ்ட் 50-உம் சேர்ந்தது, எடையில் பெரும்பகுதி முதல் 50-க்குத்தான். ஆக அவர் ஒரே பொருளை நான்கு கடையில் வாங்கியிருக்கிறார். ஒரு நிஃப்டி 50 ஃபண்ட் போதும். கொஞ்சம் கூடுதல் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவீர்கள் என்றால், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நெக்ஸ்ட் 50 ஃபண்ட் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சமிருப்பவற்றை இன்றே விற்க வேண்டியதில்லை. அவற்றில் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த 1.25 லட்சச் சலுகைக்குள் அடங்குகிற அளவு விற்று ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.